தவறான பொருள் போய்விட்டால்: பேக்கிங் மேசைக்கு ஒரு குறிப்பு

கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று என்று வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால், பேக்கிங் மேசையில் இருப்பவரின் கை நேராக அலமாரிக்குப் போகும். சரியான பொருளை எடுத்து, கட்டி, அன்று மாலை கூரியர் வண்டியிலேயே அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். மாற்றுப் பொருளை அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. தவறிய பார்சல் பெரும்பாலும் தனியாகத் தவறுவதில்லை. ஒருவருக்குப் போக வேண்டியது இன்னொருவருக்குப் போயிருக்கலாம். அப்படி இல்லாவிட்டால், இருப்புக் கணக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் பிசகியிருக்கும். இந்தத் தடயங்கள் அலமாரியிலேயே இருக்கின்றன. அவசரத்தில் கை வைத்தால் அவை கலைந்துவிடும்.

திருப்பூரில் பனியன் துணியில் டி-சர்ட் தைத்து இணையத்தில் விற்கும் சிறு நிறுவனங்களில் இந்தச் சிக்கலைத் தெளிவாகப் பார்க்கலாம். ஒரே வட்டக்கழுத்து டி-சர்ட், ஆறு நிறம், ஐந்து அளவு என்றால் அதிலேயே முப்பது வகை ஆகிவிடுகிறது. முப்பதும் ஒரே அளவுப் பாலிகவரில், ஒரே மாதிரி மடிப்பில் இருக்கும். பேக்கரின் கண்ணுக்கு வித்தியாசம் காட்டுவது கவரின் மூலையில் ஒட்டிய சிறு ஸ்டிக்கர் மட்டுமே. குழல்விளக்கின் கீழே நேவி ப்ளூவும் கறுப்பும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். கவருக்குள் இருந்தால் சொல்லவே வேண்டாம். இங்கே தவறு நடப்பதில் வியப்பில்லை. நடந்த பிறகு என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைக்கலாம். அந்தத் தாள் இவ்வளவு நீளம் இருந்தால் போதும்:

“தவறான பொருள் போனதாகத் தெரிந்தால், கேட்ட பொருள், போன பொருள் ஆகிய இரண்டின் பெட்டிகளிலிருந்தும் எதையும் எடுக்க வேண்டாம். வாடிக்கையாளரிடம் மூன்று படம் கேட்கவும்: துணியின் கழுத்து லேபிள், பாலிகவர் ஸ்டிக்கர், பார்சலின் முகவரிச் சீட்டு. இரண்டு பெட்டிகளையும் கையால் எண்ணி, கம்ப்யூட்டரில் உள்ள இருப்போடு ஒப்பிடவும். அன்று அந்தப் பார்சலுக்கு முன்னும் பின்னும் கட்டியவற்றைப் பார்க்கவும். வேறு பார்சலும் தவறியிருந்தால் முதலில் அதை நிறுத்தவும். பிறகு மாற்றுப் பொருளைப் பழைய ஆர்டர் எண்ணிலேயே, பணம் வாங்காத பார்சலாக, இன்னொருவர் பார்த்த பின் அனுப்பவும். திரும்பி வருவதை நேராக அலமாரியில் வைக்க வேண்டாம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதவும்.”

இதில் முதல் மூன்று வரிகள்தான் பலருக்கும் தேவையற்ற தாமதமாகத் தோன்றும். ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு பார்த்தால் அவற்றின் பயன் புரியும். 4127 என்ற எண்ணுள்ள ஆர்டர் மதுரைக்குப் போக வேண்டியது. கேட்டது நேவி நிற, எல் அளவு டி-சர்ட். ஸ்டிக்கரில் அதன் குறி RN-NVY-L. திங்கட்கிழமை கட்டி அனுப்பினார்கள். புதன்கிழமை மதுரையிலிருந்து புகார் வருகிறது: வந்திருப்பது கறுப்பு, அதாவது RN-BLK-L.

மூன்று படங்களில் முகவரிச் சீட்டின் படத்தைப் பலர் கேட்பதில்லை. உண்மையில் அதுதான் முதலில் வேண்டும். பார்சல் இந்த ஆர்டருக்கு உரியதுதானா, கூரியர் எண் பொருந்துகிறதா என்பதை அது ஒரே பார்வையில் சொல்லிவிடும். பாலிகவர் ஸ்டிக்கரும் கழுத்து லேபிளும் சேர்ந்து இன்னொரு விஷயத்தைச் சொல்லும். கவரின் மேல் கறுப்பு என்று ஒட்டியிருந்து உள்ளேயும் கறுப்பு இருந்தால், எடுத்ததிலோ கட்டியதிலோ பிசகு. கவரின் மேல் நேவி என்று ஒட்டியிருந்து உள்ளே கறுப்பு இருந்தால், பேக்கர் சரியாகவே எடுத்திருக்கிறார். ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தில்தான் பிசகு. வாடிக்கையாளர் கவரை எறிந்துவிட்டால் இந்தத் தடயம் போய்விடும். ஆகவே போனில் பேசுபவர், “கவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க சார், அதுல இருக்கிற ஸ்டிக்கர் எங்களுக்கு வேணும்” என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது எண்ணுவது. அலமாரியில் இந்த இரண்டு பெட்டிகளைத் தவிர வேறு எதையும் எண்ண வேண்டியதில்லை. பத்து நிமிட வேலைதான். ஆனால் தவறு எந்த இடத்தில் நடந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறு வழி இல்லை.

4127-க்கு நேவி எடுப்பதற்குப் பதிலாகக் கறுப்பை எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. ஆர்டரில் நேவி என்று இருப்பதால் நேவியில் ஒன்றைக் கழித்துவிடும். ஆனால் அலமாரியில் அந்த நேவி அப்படியே இருக்கிறது, போனது கறுப்பு. எனவே எண்ணிப் பார்த்தால் நேவிப் பெட்டியில் கணக்கைவிட ஒன்று கூடுதலாகவும், கறுப்புப் பெட்டியில் ஒன்று குறைவாகவும் இருக்கும். கறுப்பு ஒன்று ஏற்கெனவே இடம் மாறி நேவிப் பெட்டிக்குள் கிடந்து, அதை நேவி என்று நினைத்து எடுத்திருந்தாலும் இதே எண்ணிக்கைதான் வரும். எடுத்தவர் கை தவறியதா, அடுக்கியவர் கை தவறியதா என்பதை எண்ணிக்கை பிரித்துச் சொல்லாது. நேவிப் பெட்டியில் இன்னும் ஏதாவது கறுப்பு ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கவராகப் புரட்டிப் பார்ப்பதுதான் வழி.

இரண்டு பெட்டிகளிலும் எண்ணிக்கை சரியாக இருந்தால் பலர் நிம்மதி அடைவார்கள். கவலைப்பட வேண்டியது அப்போதுதான். நேவி ஒன்று சரியாக எடுக்கப்பட்டிருக்கிறது, கறுப்பு ஒன்றும் சரியாக எடுக்கப்பட்டிருக்கிறது. மேசையில் முகவரிச் சீட்டு மட்டும் மாறியிருக்கிறது என்று பொருள். அதாவது, மதுரைக்காரரின் நேவி இப்போது வேறு யாரோ ஒருவரின் வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

எண்ணிக்கை சரியாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. தையல் முடிந்து வந்த கறுப்புக் கட்டு ஒன்றில் நேவி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டிருந்தால், கவர்களை எண்ணும்போது கணக்கு இடிக்காது. கவருக்குள் இருப்பதுதான் வேறு. இங்கே ஸ்கேனரும் கைகொடுக்காது. ஸ்கேனர் படிப்பது ஸ்டிக்கரை, துணியை அல்ல. பார்கோடு வைத்துவிட்டால் தவறே வராது என்று நம்பும் நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் அடிவாங்குகின்றன. ஸ்டிக்கர் பிசகு என்று தெரிந்தால் அந்தக் கட்டு முழுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டிலிருந்து ஏற்கெனவே போன ஆர்டர்களின் பட்டியலையும் எடுக்க வேண்டும். ஒரு புகார் வந்திருக்கிறது என்றால் மற்றவை வழியில் இருக்கின்றன.

எடை பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்ற யோசனையும் அவ்வப்போது எழும். நடுத்தர கனமுள்ள பனியன் துணி டி-சர்ட் ஒன்று ஏறத்தாழ 160 கிராம் இருக்கும். எம் அளவுக்கும் எல் அளவுக்கும் உள்ள வித்தியாசம் பத்து கிராமை ஒட்டியதுதான். கவர், பில், ஒட்டும் டேப் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தில் அது காணாமல் போகும். நிறம் மாறினால் எடை மாறவே மாறாது. கூரியர்களில் பலர் 500 கிராம் படிக்கட்டுகளில்தான் கட்டணம் போடுகிறார்கள் என்பதால் அவர்கள் பில்லும் உதவாது. இரண்டு கேட்டவருக்கு ஒன்று போயிருந்தால் தராசு சொல்லும். நிறத்தையும் அளவையும் அது சொல்லாது.

4127-க்குத் திரும்பினால், படத்தில் கவர் ஸ்டிக்கர் RN-BLK-L என்று இருக்கிறது. நேவியில் கணக்குப்படி 22, எண்ணியதும் 22. கறுப்பில் கணக்குப்படி 14, எண்ணியதும் 14. ஆக, சீட்டு மாறியிருக்கிறது. திங்கட்கிழமை கட்டிய பட்டியலில் 4127-க்கு அருகே கறுப்பு எல் கேட்ட ஆர்டர் இருக்கிறதா என்று தேட வேண்டும். 4131 அப்படிப்பட்டது, சேலத்துக்குப் போவது. கூரியர் இணையதளத்தில் பார்த்தால் அது இன்னும் கொடுக்கப்படவில்லை. மாற்றுப் பொருளைக் கட்டத் தொடங்கியிருந்தால் இந்த ஆர்டர் கண்ணில் பட்டிருக்காது. நாளை சேலத்திலிருந்து இரண்டாவது புகார் வந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

பார்சல் இன்னும் கிடங்கிலேயே இருந்தால் தனியே எடுத்து வைத்துவிடலாம். வண்டி ஏறிவிட்டால் கூரியரிடம் சொல்லித் திருப்பி வரவழைக்க முயலலாம். சில சமயம் அது நடக்கும், சில சமயம் நடக்காது. எது ஆனாலும் சேலம் வாடிக்கையாளரை அவர் பார்சலைப் பிரிப்பதற்கு முன்னால் அழைத்துவிடுவது மேல். “உங்க பார்சல்ல சீட்டு மாறிடுச்சுங்க மேடம். பிரிக்காம அப்படியே வச்சிருங்க, நாங்க ஆள் அனுப்பி வாங்கிக்கிறோம். உங்களோடது இன்னைக்கே கிளம்புது” என்று முன்கூட்டியே சொல்பவரிடம் பெரும்பாலும் யாரும் கோபப்படுவதில்லை. ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. மதுரைக்காரரிடமும் சேலத்துக்காரரிடமும் பேசி, நீங்களே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளுங்கள் என்று முகவரியைக் கொடுப்பது. கூரியர் செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஒரு வாடிக்கையாளரின் முகவரியும் போன் எண்ணும் அவர் அனுமதியில்லாமல் இன்னொருவரிடம் போவது, சட்டை மாறியதைவிடப் பெரிய தவறு.

சீட்டு மாறுவதில் ஜோடி மாற்றத்தை விட மோசமான ஒரு வகையும் உண்டு. நாற்பது ஆர்டருக்கான முகவரிச் சீட்டுகளை முதலிலேயே ஒரே நீளமாக அச்சடித்துவிட்டு, வரிசையாகக் கட்டிய பார்சல்களில் ஒட்டிக்கொண்டே போகும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நடுவே ஒரு சீட்டு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு நழுவினால், அதற்குப் பிறகு ஒவ்வொரு பார்சலிலும் அடுத்தவரின் சீட்டு ஒட்டப்படும். கடைசியில் சீட்டு இல்லாமல் ஒரு பார்சல் மேசையில் நிற்கும்; நழுவிய சீட்டோ எங்காவது கிடக்கும். அன்று மாலை மேசையில் ஒரு பார்சலோ ஒரு சீட்டோ மிஞ்சினால், அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வண்டியை அனுப்பக் கூடாது. வண்டியை நிறுத்தி, நழுவிய இடம் வரைக்கும் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். ஒரு பார்சல் கட்டி, ஸ்கேன் செய்து, அதன் பிறகே அதற்கான சீட்டை அச்சிட்டு ஒட்டும் இடங்களில் இந்த வகைத் தவறு ஏறக்குறைய இல்லை. கொஞ்சம் மெதுவாக நடக்கும் என்பதுதான் அதன் ஒரே குறை.

இனி மாற்றுப் பொருள். இதில் பெரும்பாலும் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். முதலாவது, புதிய ஆர்டராகப் போடுவது. அப்படிப் போட்டால் ஒரே விற்பனை கணக்கில் இரண்டாகிவிடும்; பில்லும் இரண்டாகும். 4127-R என்பது போல் பழைய எண்ணிலேயே ஓர் எழுத்தைச் சேர்த்து அனுப்பினால் பின்னால் தேடுவதும் எளிது. விலை வேறுபட்ட பொருள் போயிருந்து, பில்லில் திருத்தம் வேண்டும் என்றால் அது கணக்கரின் வேலை. பேக்கர் அதில் கை வைக்க வேண்டியதில்லை. இரண்டாவது, வாடிக்கையாளரை உண்மையிலேயே கொதிக்க வைப்பது. முதல் பார்சல் வீட்டு வாசலில் பணம் கொடுத்து வாங்கியதாக இருந்தால், மாற்றுப் பார்சலின் சீட்டும் பழைய விவரங்களை அப்படியே எடுத்துக்கொண்டு பணம் வாங்க வேண்டும் என்று அச்சாகும். கூரியர்காரர் சீட்டில் உள்ளபடிதான் கேட்பார். தவறான சட்டையை வாங்கியவர் சரியான சட்டைக்கு மறுபடி பணம் கட்ட வேண்டி வரும். சீட்டில் வாங்க வேண்டிய தொகை பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்க்காமல் மாற்றுப் பார்சல் மேசையை விட்டு நகரக் கூடாது. இந்தப் பார்சலை மட்டும், கட்டியவர் அல்லாத இன்னொருவர் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ஒரே தவறை ஒரே கண் இரண்டாவது முறையும் செய்யும்.

தவறிப் போன பொருளைத் திரும்பப் பெறுவதா, வாடிக்கையாளரிடமே விட்டுவிடுவதா என்பது உரிமையாளர் முடிவு. இருநூறு ரூபாய் சட்டையை எடுத்துவரக் கூரியருக்கு நூறு ரூபாய் ஆகும் என்றால் விட்டுவிடுவது லாபமாகவும் இருக்கலாம். அப்படி விட்டால் அந்த ஒன்றை இருப்பிலிருந்து கழித்து எழுத மறக்கக் கூடாது.

திரும்பி வந்தால் அதற்கென்று தனிக் கூடை வேண்டும். பிரித்து, போட்டுப் பார்த்து, வாசனை திரவியம் அடித்து, சில சமயம் துவைத்தும் திரும்பி வரும் துணி நேராக அலமாரிக்குப் போனால் அடுத்த புகாருக்கு அதுவே விதை. துணியைப் பார்த்த பிறகு கணக்கில் ஏற்றுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இருப்பு மென்பொருள்கள் பலவற்றில், 4127 ரிட்டர்ன் வந்தது என்று பதிந்தால், அந்த ஆர்டரில் நேவி இருப்பதால் நேவியில் ஒன்றைக் கூட்டிவிடும். வந்திருப்பதோ கறுப்பு. முதல் தவறைச் சரிசெய்யப் போய் இரண்டாவது தவறு கணக்கில் ஏறிவிட்டது. இது சில வாரங்கள் கழித்து, இருப்பதாகக் காட்டும் நேவி அலமாரியில் இல்லாதபோதுதான் வெளியே தெரியும். ஆகவே தவறிய ஆர்டர்களின் ரிட்டர்னைத் தானாக ஏற விடாமல், வந்த பொருளின் குறியைப் பார்த்துக் கையால் ஏற்ற வேண்டும். சரிபார்க்கும் வழி எளிது. எல்லாம் முடிந்த பிறகு நேவியில் ஒன்று குறைந்திருக்க வேண்டும். அதுதான் மதுரைக்காரர் வாங்கியது. கறுப்பிலும் ஒன்று குறைந்திருக்க வேண்டும். அது சேலத்துக்காரர் வாங்கியது. வேறு எந்த எண்ணும் மாறியிருக்கக் கூடாது.

கடைசி வரி நோட்டு. தேதி, ஆர்டர் எண், கேட்டது, போனது, எந்த இடத்தில் தவறியது என்ற ஐந்து கட்டம் போதும். பேக்கரின் பெயருக்குக் கட்டம் வேண்டாம் என்பதே சரியான முடிவு. தவறுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் இடங்களில் மேசையில் மிஞ்சிய சீட்டு குப்பைக்கூடைக்குப் போகும், நழுவல் யாருக்கும் தெரியாது. பெயர் இல்லாத நோட்டில் உண்மை வரும். மாதம் ஒருமுறை அதைப் புரட்டினால் நேவியும் கறுப்பும், எல்லும் எக்ஸ்எல்லும் என ஒரே ஜோடிகள் மறுபடி மறுபடி வருவது தெரியும். அந்த ஜோடிகளை அலமாரியில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் வைக்காமல் பிரித்துவிட்டால், கைபோன போக்கில் மாறி எடுப்பது பெருமளவு குறையும்.

வாங்குபவர் பக்கத்திலும் சில விஷயங்கள் உண்டு. தவறான பொருள் வந்தால் கவரையும் ஸ்டிக்கரையும் முகவரிச் சீட்டையும் அப்படியே வைத்துப் படம் எடுத்துவிட்டு, துணியைத் துவைக்காமல் வைத்திருக்க வேண்டும். பார்சல் பிரிக்கும் வீடியோ இருந்தால்தான் ஆயிற்று என்று சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். இருந்தால் நல்லதுதான், ஆனால் இல்லை என்பதாலேயே புகார் பொய்யாகிவிடாது. விற்பவர் தன் இரண்டு பெட்டிகளை எண்ணினாலே பல சமயம் உண்மை தெரிந்துவிடும். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெறவோ, பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். அப்படி நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம்.